டேலஸ் கழுத்து முறிவு: எந்த ரத்தக் குழாய் மிஞ்சியது?

34 வயது ஆண். மோட்டார் சைக்கிளில் போகும்போது எதிரே வந்த வண்டியில் நேருக்கு நேர் மோதியிருக்கிறார். மோதும் நொடியில் வலது கால் பிரேக் பெடலை முழு பலத்தோடு மிதித்துக்கொண்டிருந்தது. இரண்டு மணி நேரத்துக்குள் அவசரப் பிரிவுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். தலை, மார்பு, வயிறு, முதுகெலும்பு எல்லாம் பார்த்தாயிற்று. வேறு காயம் இல்லை. பிரச்சினை வலது கணுக்காலில் மட்டும்.

பாதம் சற்றே கீழ்நோக்கி மடங்கி, உள்பக்கம் சாய்ந்திருந்தது. உள் கணுவுக்குப் பின்னால், குதிநாணுக்கு முன்னால், தோலுக்கு அடியில் கெட்டியாக ஒரு முண்டு. அதன் மேல் தோல் இழுபட்டு வெளுத்திருந்தது. விரலால் அழுத்தி எடுத்தாலும் நிறம் திரும்பவில்லை. பெருவிரல் மடங்கியே இருந்தது. அதை நிமிர்த்தப் போனால் வலியில் துடித்தார். உள்ளங்காலில் தொடு உணர்வு மந்தம். பாதத்தின் மேற்புற நாடி கைக்குக் கிடைத்தது. உள் கணுவுக்குப் பின்னால் இருக்கும் நாடி கையில் கிடைக்கவில்லை, டாப்ளரில் கேட்டது.

இந்த நான்கைந்து அடையாளங்களை வைத்தே எக்ஸ்ரேக்கு முன்பாக ஒன்றை ஊகிக்கலாம். உள் கணுவுக்குப் பின்னால் முண்டாகத் தெரிவது டேலஸ் எலும்பின் உடல். அது தன் இடத்தை விட்டுப் பின்னோக்கியும் உள்நோக்கியும் வெளியே தள்ளப்பட்டிருக்கிறது. பெருவிரலை மடக்கும் தசையின் நாண் அந்த எலும்பை ஒட்டித்தான் போகிறது, எலும்பு அதை முறுக்கி இழுப்பதால் விரல் மடங்கி நிற்கிறது. பக்கத்திலேயே ஓடும் டிபியல் நரம்பு அழுந்துவதால் உள்ளங்கால் மரத்துப்போகிறது.

எக்ஸ்ரே அதையே காட்டியது. டேலஸின் கழுத்தில் நெட்டுக்குத்தாக முறிவு. உடல் பகுதி கணுக்கால் மூட்டிலிருந்தும், கீழே கால்கேனியத்தோடு சேரும் சப்டேலர் மூட்டிலிருந்தும் விலகி, முறிந்த முகம் வெளிப்புறமும் மேலும் பார்க்கும்படி திரும்பிக் கிடந்தது. தலைப் பகுதி மட்டும் நாவிகுலர் எலும்போடு ஒழுங்காகப் பொருந்தியிருந்தது. உள் கணுவும் முறிந்திருந்தது. ஹாக்கின்ஸ் வகைப்பாட்டில் இது மூன்றாம் வகை.

இந்த வகை எண்ணை வைத்து, "டேலஸ் செத்துப்போக 90 சதவீத வாய்ப்பு" என்று நோயாளியின் குடும்பத்திடம் அன்றே சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது, இந்தக் காலுக்கு அது எவ்வளவு பொருந்தும் என்பதுதான் இந்த நிகழ்வில் அலச வேண்டியது.

ரத்தம் எங்கிருந்து வருகிறது

டேலஸில் ஒரு தசைகூட ஒட்டுவதில்லை, ஒரு தசைநாண்கூட முடிவதில்லை. மேற்பரப்பில் ஏறக்குறைய 60 சதவீதம் குருத்தெலும்பு மூடியது. குருத்தெலும்பு வழியாக ரத்தக் குழாய் நுழைய முடியாது. ஆகவே மிச்சமிருக்கும் சிறு இடங்களில்தான் எல்லாக் குழாய்களும் உள்ளே போக வேண்டும்: கழுத்தின் மேற்புறம், கழுத்தின் அடிப்புறம், உடலின் உட்புறத்தில் டெல்டாய்ட் லிகமென்ட் ஒட்டும் இடம், பின்புறத்தில் உள்ள சிறு மேடு.

காலுக்கு வரும் மூன்று பெரிய தமனிகளும் இதற்குக் கிளை தருகின்றன. முன் டிபியல் தமனி பாதத்தின் மேல் டார்சாலிஸ் பீடிஸ் ஆகத் தொடர்ந்து, கழுத்தின் மேற்புறத்துக்கும் தலைக்கும் சிறு கிளைகளை அனுப்புகிறது. பின் டிபியல் தமனி, உள்ளங்காலுக்காக இரண்டாகப் பிரிவதற்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் மேலேயே, டார்சல் கால்வாய்த் தமனி என்ற கிளையை விடுகிறது. அது டேலஸின் கழுத்துக்கு அடியில், டேலஸுக்கும் கால்கேனியத்துக்கும் நடுவே உள்ள சந்தில் உள்ளிருந்து வெளியாக ஓடுகிறது. எதிர்ப்புறத்தில் டார்சல் சைனஸ் தமனி வருகிறது. இது பெரோனியல் தமனியின் கிளையும் பாத மேற்புறத் தமனியின் கிளையும் சேர்ந்து உருவாவது. இரண்டும் கழுத்தின் அடியில் கைகோத்து, கழுத்தைக் கீழிருந்து தாங்கும் தூளி போல நிற்கின்றன. இந்தத் தூளியிலிருந்து புறப்படும் குழாய்கள் கழுத்தின் அடிப்புறத்தில் நுழைந்து, உள்ளுக்குள்ளேயே பின்னோக்கித் திரும்பி, உடலின் நடுப்பகுதிக்கும் வெளிப்பகுதிக்கும் போகின்றன. உடலுக்கு வேண்டிய ரத்தத்தில் பெரும்பங்கு கழுத்து வழியாகப் பின்னோக்கிச் செல்கிறது என்பதால்தான் கழுத்து முறிந்தால் உடலுக்கு ஆபத்து.

கால்வாய்த் தமனியின் தொடக்கத்திலேயே இன்னொரு சிறு கிளை பிரிகிறது. அதுதான் டெல்டாய்ட் கிளை. டெல்டாய்ட் லிகமென்ட்டின் இரண்டு அடுக்குகளுக்கு நடுவே நுழைந்து, டேலஸ் உடலின் உட்பக்கச் சுவரில் நேராக இறங்குகிறது. உடலின் உட்புற மூன்றில் ஒரு பங்குக்கு இதுவே ஆதாரம். இது கழுத்தைத் தொடுவதே இல்லை. கழுத்து இரண்டாகப் பிளந்தாலும், லிகமென்ட் அறாமல் இருந்தால் இந்தக் கிளை பிழைத்துக்கொள்ளும்.

2011-இல் சடலக் கால்களில் எம்.ஆர்.ஐ. வைத்துச் செய்த அளவீட்டில், டேலஸுக்கு வரும் ரத்தத்தில் பின் டிபியல் தமனியின் பங்கு 47 சதவீதம், முன் டிபியல் 36, பெரோனியல் 17 என்று வந்தது. பின்புற மேட்டின் வழியாக நேரடியாக நுழையும் ரத்தம், பழைய நூல்கள் நினைத்ததைவிடக் கூடுதல் என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. மூன்றாம் வகை முறிவில்கூட எல்லா டேலஸும் ஏன் சாவதில்லை என்பதற்கு இது ஒரு பதில்.

வகைப்பாடு உண்மையில் எதை எண்ணுகிறது

லீலண்ட் ஹாக்கின்ஸ் 1970-இல் 57 கழுத்து முறிவுகளை வைத்து மூன்று வகைகளைப் பிரித்தார். முறிவு எத்தனை மில்லிமீட்டர் விலகியது என்று அவர் அளக்கவில்லை. டேலஸின் உடல் எந்தெந்த மூட்டை விட்டு வெளியே வந்திருக்கிறது என்பதைத்தான் பார்த்தார். காரணம், ஒவ்வொரு மூட்டு விலகும்போதும் அந்த இடத்தில் இருக்கும் குழாய்கள் கிழிகின்றன. வகை எண் என்பது மறைமுகமாக அறுந்த குழாய்களின் கணக்கு.

முதல் வகையில் முறிவு விலகவே இல்லை. கழுத்துக்குள் ஓடும் குழாய்கள் மட்டும் அறுகின்றன. இரண்டாம் வகையில் சப்டேலர் மூட்டு விலகுகிறது; அப்போது மூட்டுச் சந்தில் இருக்கும் தூளியும் கிழிகிறது, டெல்டாய்ட் கிளை பெரும்பாலும் தப்புகிறது. மூன்றாம் வகையில் கணுக்கால் மூட்டும் விலகி உடல் வெளியே வந்துவிடுவதால் டெல்டாய்ட் கிளையும் பறிபோனதாக ஹாக்கின்ஸ் கருதினார். 1978-இல் கனாலே, கெல்லி இருவரும் நாவிகுலர் மூட்டும் விலகிய நிலையை நான்காம் வகையாகச் சேர்த்தார்கள்.

ஹாக்கின்ஸின் தொகுப்பில் டேலஸ் உடல் மடிந்த விகிதம் முதல் வகையில் 0, இரண்டாம் வகையில் 42, மூன்றாம் வகையில் 91 சதவீதம். கனாலே, கெல்லியின் 71 முறிவுகளில் அது 13, 50, 84. அந்த "90 சதவீதம்" இங்கிருந்துதான் வருகிறது. ஆனால் அந்தக் காலத்து முறிவுகளில் பல மாவுக்கட்டில் வைத்து ஆறவிடப்பட்டவை, அல்லது அரைகுறையாகச் சேர்க்கப்பட்டு ஒரு கம்பியில் நிறுத்தப்பட்டவை. 2014-இல் ஹெதர் வாலியர் குழுவின் வெளியீட்டில் மூன்றாம் வகையில் எலும்பு மடிந்தது சுமார் 40 சதவீதம். அதே வெளியீட்டில் இரண்டாம் வகையை இரண்டாகப் பிரித்தார்கள். சப்டேலர் மூட்டு சற்றே நழுவி நின்றால் 2ஏ, முழுவதும் விலகினால் 2பி. 2ஏ-வில் ஒரு டேலஸ்கூட மடியவில்லை. 2பி-யில் நான்கில் ஒன்று மடிந்தது.

என் பார்வையில் இந்தப் பிரிவு பழைய வகைப்பாட்டைவிட அன்றாடத்துக்கு உபயோகமானது. "ஹாக்கின்ஸ் இரண்டு" என்று மட்டும் கேஸ் ஷீட்டில் எழுதிவைத்தால், கிட்டத்தட்ட பயமே இல்லாத ஒரு காலையும், நாலில் ஒன்று போகக்கூடிய ஒரு காலையும் ஒரே பெட்டியில் போட்டதாகிறது. ஒரு எச்சரிக்கை: அவசரப் பிரிவுக்கு வரும் வழியில் யாராவது காலை இழுத்து நேராக்கியிருந்தால், எக்ஸ்ரேயில் 2ஏ போலத் தெரிவது விபத்து நேரத்தில் 2பி-யாக இருந்திருக்கலாம். காலை யார், எப்போது நேராக்கினார்கள் என்று கேட்டு எழுத வேண்டும்.

நம் நோயாளியிடம் உள் கணு முறிந்திருந்ததும் இந்தக் கணக்கில் சேர்த்தி. டேலஸ் உடல் உள்ளே தள்ளப்படும்போது ஒன்று டெல்டாய்ட் லிகமென்ட் அறும், இல்லையென்றால் லிகமென்ட் தாங்கி எலும்பு முறியும். கணு முறிந்திருந்தால், லிகமென்ட் முழுசாக, தன் குழாயோடு, டேலஸைப் பிடித்துக்கொண்டிருக்க வாய்ப்பு உண்டு. வெளியே வந்த உடல் இந்த லிகமென்ட்டை அச்சாக வைத்துத்தான் சுழன்றிருக்கிறது. குழாய் அறாமல் இருக்கலாம். முறுக்கிக்கொண்டு அடைபட்டும் இருக்கலாம்.

முதல் இரவு

அவசரம் எதற்கு என்பதில் தெளிவு வேண்டும். 2004-இல் வாலியரின் 102 முறிவுகள் கொண்ட தொகுப்பில், அறுவை எத்தனை மணி நேரம் தாமதமானது என்பதற்கும் எலும்பு மடிவதற்கும் தொடர்பு தெரியவில்லை. முறிவு நொறுங்கியிருந்ததும், தோல் கிழிந்து திறந்திருந்ததும்தான் தொடர்பு காட்டின. அப்படியென்றால் பிளேட், ஸ்க்ரூ போடுவதற்கு நள்ளிரவில் ஓட வேண்டியதில்லை. ஆனால் விலகிய எலும்பை உள்ளே சேர்ப்பது காத்திருக்காது. வெளுத்த தோல் சில மணி நேரத்தில் கருகிவிடும், நரம்பு அழுந்திக்கொண்டே இருக்கும், முறுக்கிய டெல்டாய்ட் கிளைக்கும் அதுவே ஒரே நம்பிக்கை.

மயக்கம் கொடுத்து ஒருமுறை மூடிய முறையில் முயன்றோம். முழங்காலை மடக்கினால் குதிநாண் தளரும். பாதத்தை முழுக்கக் கீழ்நோக்கி மடக்கி, குதிகாலைப் பிடித்து இழுத்து, முண்டை வெளியிலிருந்து முன்னோக்கித் தள்ள வேண்டும். மூன்றாம் வகையில் இது பெரும்பாலும் பலிக்காது, இங்கும் பலிக்கவில்லை. மீண்டும் மீண்டும் தள்ளினால் குருத்தெலும்பு நசுங்கும், ஏற்கெனவே வெளுத்த தோலுக்கும் கேடு. எனவே நேராக அறுவை அரங்கு.

உள் கணுவிலிருந்து நாவிகுலர் நோக்கி, டிபியாலிஸ் முன்தசை நாணுக்கும் பின்தசை நாணுக்கும் இடையே கீறல். முறிந்த உள் கணுத் துண்டை அதன் டெல்டாய்ட் லிகமென்ட்டோடு சேர்த்து அப்படியே கீழ்நோக்கித் திருப்பினோம். இங்கே கத்திக்கு ஒரு கட்டளை உண்டு: எலும்பு வரத் தாமதமானாலும் லிகமென்ட்டில் கை வைக்கக் கூடாது. உடல் சிக்கிக்கொண்டு வராதபோது, கொஞ்சம் விடுவித்தால் வந்துவிடும் என்று தோன்றும் நார் பெரும்பாலும் அதுதான். கணு முறியாமல் இருந்தால் நாமே கணுவை வெட்டித் திருப்புவோம், அப்போதும் நோக்கம் இதே.

கால்கேனியத்தில் குறுக்காக ஒரு கம்பி போட்டு இழுத்து டிபியாவுக்கும் குதிகாலுக்கும் இடையே இடம் உண்டாக்கினோம். உடலில் ஒரு திருகுக் கம்பியைச் செருகி, அதைக் கைப்பிடியாக வைத்து, முறிந்த முகத்தை முன்னோக்கித் திருப்பியபடி உள்ளே அனுப்பினோம். நரம்பும் நாளங்களும் பின்னால் ஒதுக்கிப் பாதுகாக்கப்பட்டிருந்தன. உடல் இடத்தில் உட்கார்ந்ததும் பெருவிரல் தானே நிமிர்ந்தது. இரண்டு கே-வயர்களால் கழுத்தைத் தற்காலிகமாக நிறுத்தி, வெளிப்புறச் சட்டம் மாட்டி, அன்றைக்கு அத்தோடு நிறுத்திக்கொண்டோம். தோலின் நிறம் மறுநாள் காலை பரவாயில்லை. உள்ளங்கால் உணர்வு திரும்பச் சில வாரங்கள் எடுத்தது.

நிரந்தரமாகப் பொருத்தியது

சேர்த்த பிறகு எடுத்த சி.டி. இரண்டு விஷயங்களைச் சொன்னது. ஒன்று, முறிவுக் கோடு அடிப்புறத்தில் வெளிப்பக்க முனைக்கு முன்னால் முடிகிறது. ஆகவே இது உண்மையிலேயே கழுத்து முறிவு. கோடு அந்த முனைக்குப் பின்னால் இறங்கியிருந்தால் அது உடல் முறிவு; அதன் போக்கு வேறு. இரண்டு, கழுத்தின் மேல்-உட்புறம் நொறுங்கியிருக்கிறது. இந்த நொறுங்கல்தான் பலரை ஏமாற்றுவது. உட்புறத்தில் எலும்பு குறைந்திருக்க, அந்தப் பக்கமே பார்த்துப் பொருத்தி ஸ்க்ரூவை இறுக்கினால் கழுத்தின் உட்பக்கம் குட்டையாகிவிடும். பாதம் உள்நோக்கிச் சாய்ந்து நின்றுவிடும். பிறகு நோயாளி காலம் முழுக்கப் பாதத்தின் வெளி ஓரத்தில் நடப்பார். சடல ஆய்வுகளில், கழுத்து இரண்டு மில்லிமீட்டர் பிசகினாலே சப்டேலர் மூட்டில் அழுத்தம் விழும் இடம் மாறுவதைக் காட்டியிருக்கிறார்கள்.

வீக்கம் இறங்கித் தோலில் சுருக்கம் தெரிந்தபோது, ஒன்பதாம் நாள், நிரந்தர அறுவை. பழைய கீறலோடு வெளிப்புறத்தில் இரண்டாவது கீறலும் போட்டோம். வெளிப்புறக் கழுத்து நொறுங்காமல் இருந்ததால் அங்கே விளிம்போடு விளிம்பு பொருத்தி நீளத்தையும் சுழற்சியையும் தீர்மானித்தோம். அந்தப் பக்கம் 2.4 மி.மீ. சிறு பிளேட். உட்புறம் ஒரு 3.5 மி.மீ. ஸ்க்ரூ, நெருக்கி இழுக்காமல், இருக்கும் இடைவெளியைக் காத்து நிற்கும்படி முழு மரை உள்ளது. எல்லாமே டைட்டானியம், பின்னால் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டிவரும் என்பதால். கழுத்து சாய்ந்திருக்கிறதா என்று பார்க்க கனாலே கோணப் படம்: பாதத்தைக் கீழ்நோக்கி மடக்கி, 15 டிகிரி வெளிச்சாய்வில் வைத்து, கதிரை மேசையிலிருந்து 75 டிகிரியில் விட வேண்டும். சாதாரண முன்-பின் படத்தில் இந்தச் சாய்வு தெரியாது.

சைனஸ் குழியில் கிடந்த சிறு எலும்புத் துணுக்குகளை எடுத்தோம். ஆனால் அங்கிருக்கும் கொழுப்பையும் திசுவையும் சுத்தம் செய்யப் போகவில்லை. கழுத்தின் அடிப்புறத்தையும் சுரண்டவில்லை. முறிவு கண்ணுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக அங்கே திசுவை அகற்றினால், விபத்து விட்டுவைத்த குழாயை நாம் முடித்துவைத்ததாகிவிடும். கடைசியாக உள் கணுவை அதன் இடத்தில் வைத்து இரண்டு ஸ்க்ரூ.

ஏழாவது வாரத்து எக்ஸ்ரே

தையல் பிரித்ததும் கணுக்காலையும் சப்டேலர் மூட்டையும் அசைக்கச் சொன்னோம். எடை மட்டும் 12 வாரம் வரை கூடாது. ஏழாவது வாரத்தில், கட்டை முழுக்கக் கழற்றி, மார்ட்டிஸ் கோணத்தில் எக்ஸ்ரே.

இந்தப் படத்தில் தேட வேண்டியது ஹாக்கின்ஸ் அடையாளம். டேலஸின் மேல் வளைவில், குருத்தெலும்புக்கு ஒட்டி உள்ளே, வளைவைப் பின்தொடரும் மெல்லிய கறுப்புக் கோடு. எடை தாங்காத எலும்பு சுண்ணாம்பை இழக்கிறது. சுண்ணாம்பைக் கரைத்து எடுத்துப்போக ரத்தம் ஓட வேண்டும். ஆகவே கறுப்புக் கோடு தெரிந்தால் அங்கே எலும்பு உயிரோடு இருக்கிறது. ஆறு முதல் எட்டு வாரத்தில்தான் இது நன்றாகத் தெரியும். அதற்கு முன்பு தேடினால் கிடைக்காமல் போகலாம். சீக்கிரமே எடை போட அனுமதித்திருந்தாலும் தெரியாமல் போகலாம்.

நோயாளியின் படத்தில் கோடு உட்புற ஓரத்தில் தொடங்கி வளைவின் நடுவைத் தாண்டும் வரை தெரிந்தது. அங்கிருந்து வெளிப்புறம் வரை இல்லை. வெளிப்புற மூன்றில் ஒரு பங்கு சுற்றியுள்ள எலும்பைவிட வெண்மையாக நின்றது. அந்த வெண்மை புதிதாக வந்தது அல்ல. அக்கம்பக்கத்து எலும்பெல்லாம் வெளிறிப்போக, ரத்தமில்லாத பகுதி மட்டும் முன்பிருந்த அடர்த்தியிலேயே நிற்பதால் அப்படித் தெரிகிறது. பல மாதம் கழித்து, செத்த எலும்புக் கம்பிகளின் மேல் புதிய எலும்பு படியும்போது வருவதுதான் உண்மையான அடர்த்தி. எக்ஸ்ரே அறிக்கையில் இரண்டுக்கும் ஒரே சொல்லைத்தான் எழுதுகிறார்கள். மருத்துவப் பொருளோ நேர் எதிர்: முதலாவது ரத்தம் வராததன் சுவடு, இரண்டாவது ரத்தம் திரும்பி வந்ததன் சுவடு.

இந்தப் பாதிக் கோட்டை அப்படியே மேலே சொன்ன வரைபடத்தில் வைத்துப் பார்க்கலாம். டெல்டாய்ட் கிளை போஷிக்கும் உட்புறம் பிழைத்திருக்கிறது. தூளியை நம்பியிருந்த வெளிப்புறம் ஆட்டம் கண்டிருக்கிறது. மூன்றாம் வகை என்றால் மூன்று வழியும் போயிற்று என்ற அனுமானம் இந்தக் காலில் பொய்த்துவிட்டது. முறிந்த உள் கணுவும், தொடாமல் விட்ட லிகமென்ட்டும் அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். ஒற்றை நோயாளியை வைத்து இதற்கு மேல் அடித்துச் சொல்ல முடியாது.

கோடு முழுதாக இருந்தால் டேலஸ் பிழைத்தது என்று நம்பலாம். கோடு இல்லை என்பதை மட்டும் வைத்து எலும்பு செத்தது என்று தீர்ப்பு எழுதக் கூடாது. கோடு தெரியாத பல கால்களில் எலும்பு நன்றாகவே இருந்திருக்கிறது. சந்தேகத்துக்கு எம்.ஆர்.ஐ. இருக்கிறது. ஆனால் முதல் சில வாரங்களில் அது முறிவின் வீக்கத்தையும் ரத்தமின்மையையும் பிரித்துக் காட்டாது. நாலாம் மாதம் எடுத்தோம். உடலின் வெளிப்பகுதியில், மேல் வளைவை ஒட்டி, கொழுப்பு மஜ்ஜையின் சமிக்ஞை போயிருந்தது. சுற்றிலும் தெளிவான எல்லைக் கோடு. மொத்த உடலில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று. நடுவும் உட்புறமும் நன்றாக இருந்தன.

எடை போடலாமா

அதே நேரத்து சி.டி.யில் கழுத்து முறிவு கூடியிருந்தது. எலும்பு மடிந்தாலும் கழுத்து கூடிவிடும், முன்பக்கத் துண்டுக்கு ரத்தம் இருப்பதால். இப்போது கேள்வி, மடிந்த பகுதி உள்ளே அமிழாமல் இருக்க இன்னும் ஓராண்டு, ஈராண்டு எடை போடாமல் வைப்பதா?

பழைய பழக்கம் அதுதான். வெளியிலிருந்து உள்ளாக ஊர்ந்து வரும் புதிய எலும்பு, செத்த எலும்பை மாற்றி முடிக்க இரண்டு, மூன்று ஆண்டுகூட ஆகும். அவ்வளவு காலம் ஊன்றுகோலில் வைத்திருந்தால் அமிழ்வது குறைகிறது என்பதற்குச் சான்று இல்லை. அதற்குள் தசை வற்றி, மூட்டு இறுகி, வேலையும் போய்விடும். கழுத்து கூடிய பிறகு நடைப் பூட்ஸில் படிப்படியாக எடை போடச் சொன்னோம். ஓடுவதும் குதிப்பதும் வேண்டாம். புகைப்பழக்கம் இருந்தது, நிறுத்தச் சொன்னோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எக்ஸ்ரே: வளைவின் வெளிப்புறம் தட்டையாகிறதா, குருத்தெலும்புக்கு அடியில் பிறை போன்ற விரிசல் தெரிகிறதா என்று மட்டும் பார்ப்பதற்கு.

பத்தாம் மாதத்தில் வெளிப்புற வெண்மை உச்சத்தில் இருந்தது. நோயாளி படத்தைப் பார்த்துப் பயந்துவிட்டார். அதற்குப் பிறகு ஓரங்களிலிருந்து கலைந்து, ஒன்றரை ஆண்டில் திட்டுத் திட்டாக, இரண்டாம் ஆண்டு முடிவில் ஏறக்குறைய பக்கத்து எலும்போடு சேர்ந்துவிட்டது. வளைவு தட்டையாகவில்லை.

ஆனாலும் அவருக்கு வலி இருக்கிறது. சமதளத்தில் நடப்பதில் பிரச்சினை இல்லை; கற்கள் கிடக்கும் மேடு பள்ளத்தில் நடந்தால் வெளிக் கணுவுக்குக் கீழே குத்துகிறது. கணுக்கால் மேலும் கீழும் நன்றாக மடங்குகிறது. பாதத்தைப் பக்கவாட்டில் திருப்பும் அசைவு மறுகாலில் இருப்பதில் பாதிதான். சி.டி.யில் சப்டேலர் மூட்டின் பின்பகுதியில் இடைவெளி குறைந்து, விளிம்பில் முள் வளரத் தொடங்கியிருக்கிறது. கழுத்து முறிவின் தொகுப்புகளில் எலும்பு மடிவதைவிட இந்த மூட்டுத் தேய்மானமே அதிகம் பேரிடம் வருகிறது. எலும்பு மடிவதைப் பற்றியே இரண்டு வருடம் பேசிக்கொண்டிருந்துவிட்டு, இதைப் பற்றிக் கடைசியில்தான் சொல்லும் வழக்கம் எங்கள் துறையில் இருக்கிறது. முதல் வாரத்திலேயே சொல்லிவிட்டால் நோயாளி பிற்பாடு ஏமாறமாட்டார்.

வலி எங்கிருந்து வருகிறது என்று உறுதி செய்ய, எக்ஸ்ரே வழிகாட்டலில் சப்டேலர் மூட்டுக்குள் மரத்துப்போகும் மருந்து கொஞ்சம் செலுத்தினோம். முதலில் சாயம் விட்டு, அது கணுக்கால் மூட்டுக்குள் கசியவில்லை என்று பார்த்துக்கொண்டோம். சிலருக்கு இரண்டு மூட்டுக்கும் உள்ளே வழி இருக்கும், அப்படியானால் இந்தச் சோதனை ஒன்றும் சொல்லாது. அரை மணி நேரம் கழித்துச் சரளைக்கல் மேல் நடக்கச் சொன்னோம். வலி பெரும்பாலும் இல்லை என்றார். ஆகவே கணுக்கால் மூட்டை இணைத்துவிடும் அறுவைக்கு இப்போது அவசியமில்லை. மேல் வளைவு அமிழ்ந்திருந்தால் பேச்சே வேறு: கணுக்காலை இணைப்பது, அல்லது டிபியா, டேலஸ், கால்கேனியம் மூன்றையும் சேர்த்து இணைப்பது என்று போயிருக்கும். இவருக்கு என்றாவது தேவைப்பட்டால் சப்டேலர் மூட்டை மட்டும் இணைத்தால் போதும். அப்போது ஸ்க்ரூவின் மரை உயிருள்ள எலும்பில் பிடிக்க வேண்டும் என்பதால், அறுவைக்கு முன் இன்னொரு எம்.ஆர்.ஐ. எடுத்து, வெளிப்புறத் திட்டில் மஜ்ஜையின் சமிக்ஞை எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். தற்போதைக்குக் கெட்டியான அடிப்பாகமும் கணுவை மூடும் உயரமும் உள்ள ஷூ போட்டு வேலைக்குப் போகிறார். அடுத்த எக்ஸ்ரே ஆறு மாதம் கழித்து.